முதல் 8085 புரோகிராம் ஓடிவிட்டது: லேப் மேடத்துக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்

இஇஇ_இரண்டாம்வருடம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மைக்ரோபிராசசர் லேபில் வரிசையாக எண்களைக் கூட்டி, கூட்டுத்தொகையை 4300 அட்ரஸிலும் கேரி எத்தனை தடவை வந்தது என்பதை 4301-லும் வைக்கும் புரோகிராம், மூன்று வாரம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டு, போன வியாழக்கிழமைதான் சரியாக ஓடியது. லேப் இன்ஸ்ட்ரக்டர் மேடம் இல்லையென்றால் இன்றைக்கும் ஓடியிருக்காது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கப்போகிறேன். அவர்கள் படிக்கும்போது டெக்னிக்கலாக ஒரு வரிகூடத் தப்பாக இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். அதனால்தான் முதலில் இங்கே போடுகிறேன்.

*மதிப்பிற்குரிய மேடம்,*

*வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு 4301-ல் 02 வந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன், நீங்களும் "சரி, நோட்டைக் கொண்டா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டீர்கள். அப்போது சொல்ல வராததைத்தான் இப்போது எழுதுகிறேன்.*

*முதல் வாரம் நான் B ரெஜிஸ்டரை ஜீரோ ஆக்காமலேயே புரோகிராம் எழுதியிருந்தேன். 4300-ல் கூட்டுத்தொகை சரியாக வந்தது, 4301-ல் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண். "B எங்கே தொடங்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துத்தான் அது புரிந்தது. அடுத்த வாரம் SUB A-க்குக் கீழே MOV B,A என்று ஒரு வரியை இடுக்கிச் சேர்த்தேன், அதற்குக் கீழே இருந்த எல்லாவற்றையும் ஒரு அட்ரஸ் தள்ளி மறுபடி அடித்தேன். இப்போது 4301-ல் எத்தனை முறை ஓட்டினாலும் 28 வந்தது. குப்பை மாறிக்கொண்டே இருந்தால் குப்பை என்று விட்டுவிடலாம், ஒரே எண் திரும்பத் திரும்ப வரவும் எனக்குப் பயமாகிவிட்டது.*

*மூன்றாம் வாரம் நீங்கள் கீபோர்டைத் தொடவே இல்லை. என் நோட்டில் 9A, 52, 3B, E4 என்ற நான்கையும் பென்சிலால் கூட்டி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் A-யில் என்ன இருக்கும் என்று பக்கத்தில் எழுதினீர்கள்: 9A, EC, 27, 0B. பிறகு 27-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "28-க்கும் இதுக்கும் என்ன உறவு?" என்று கேட்டீர்கள். நான் ஒன்று கூட என்றேன். "அப்போ B-க்குள்ள A எப்படிப் போச்சு?" என்றீர்கள். ஸ்கேலை வைத்து என் புரோகிராமில் JNZ வரியை மட்டும் விட்டு மற்றதை மூடினீர்கள். அதில் 4105 என்று இருந்தது. "4105-ல இப்ப என்ன இருக்கு, வாயால சொல்லு" என்றீர்கள். MOV B,A என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வரிகளையெல்லாம் ஒன்று தள்ளினேன், ஜம்ப் போகவேண்டிய இடத்தைத் தள்ளவில்லை.*

*அதை 4106 ஆக்கியதும் 04 வந்தது. எனக்கு அழுகையே வந்தது. நீங்கள் "நல்லது, இப்ப வேற தப்பு" என்றீர்கள். கேரி நாலு தடவை வந்ததால்தான் 04 என்பதையும், JNC-யிலும் அதே தப்பு இருப்பதையும் நானே கண்டுபிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றீர்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இந்தக் கடிதம். நன்றி மேடம்.*

இப்போது சரியாக ஓடும் புரோகிராம் இது:

```
4100  21 00 42        LXI H,4200
4103  4E              MOV C,M
4104  97              SUB A
4105  47              MOV B,A
4106  23       LOOP:  INX H
4107  86              ADD M
4108  D2 0C 41        JNC SKIP
410B  04              INR B
410C  0D       SKIP:  DCR C
410D  C2 06 41        JNZ LOOP
4110  32 00 43        STA 4300
4113  78              MOV A,B
4114  32 01 43        STA 4301
4117  76              HLT
```

4200-ல் 04, அதாவது எத்தனை எண்கள் என்பது. 4201-லிருந்து அந்த நான்கு எண்கள்.

---

தென்காசித் தென்றல்

தங்கச்சி, ரெக்கார்டு நோட்டுக்குள் நன்றிக் கடிதமெல்லாம் ஒட்டாதே. வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் பார்த்தால் கேள்வி கேட்பார். எய்ம், அல்காரிதம், ஃப்ளோசார்ட், புரோகிராம், ரிசல்ட், இதோடு நிறுத்திக்கொள்.

---

இஇஇ_இரண்டாம்வருடம்

அண்ணா, ரெக்கார்டில் இல்லை, தனித்தாளில் எழுதி உறையில் போட்டு மேடம் கையில் கொடுக்கிறேன். ரெக்கார்டில் ரிசல்ட் மட்டும்தான்.

---

தென்காசித் தென்றல்

அப்படியா, சரி. அவசரத்தில் படித்துவிட்டேன். தனியாகக் கொடு, நல்ல விஷயம்.

---

பழைய லேப்காரர்

நான் ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடம் லேப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு இடம்தான் தப்பு, ஆனால் அதை உங்கள் மேடம் நிச்சயம் கவனிப்பார்கள்.

"கேரி நாலு தடவை வந்ததால்தான் 04" என்று எழுதியிருக்கிறாய். கேரி நாலு தடவை வரவில்லை, இரண்டே தடவைதான் வந்தது. 9A-யோடு 52 கூட்டினால் EC, கேரி இல்லை. EC-யோடு 3B கூட்டினால் 127, அங்கே ஒரு கேரி. 27-ஓடு E4 கூட்டினால் 10B, அங்கே இன்னொன்று. நாலு தடவை நடந்தது INR B. உன் பழைய JNC 410B-க்குப் போகச் சொன்னது, வரியைத் தள்ளிய பிறகு 410B-ல் உட்கார்ந்திருப்பதே INR B. கேரி இல்லாவிட்டால் தாண்டிப்போக வேண்டிய வரிக்கே நேராகத் தாவுகிறது, கேரி இருந்தால் தாவாமல் தானாகவே அதே வரியில் விழுகிறது. ஆக எப்படிப் போனாலும் B ஒன்று கூடும். நாலு எண் கொடுத்தாய், 04 வந்தது. ஏழு எண் கொடுத்திருந்தால் 07 வந்திருக்கும். கேரி எண்ணவேண்டிய இடம் எண்களையே எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு வரியை மாற்று, மற்றதெல்லாம் சரி. 28-க்கான கணக்கும் சரிதான். கடைசிச் சுற்று தொடங்கும்போது B-யில் 27 ஏறி, அதன்மேல் ஒன்று கூடியது.

---

இஇஇ_இரண்டாம்வருடம்

ஐயா, ரொம்ப நன்றி. ஓடிய சந்தோஷத்தில் அதை நான் தப்பாகவே மனதில் வைத்திருந்தேன். "கேரி வந்தாலும் வராவிட்டாலும் INR B ஓடியதால் 04" என்று மாற்றிவிட்டேன்.

---

செந்தூரப்பூ

நானும் இதே செமஸ்டர்தான், வேறு காலேஜ். MOV B,A போட்டதுதானே பிரச்சினை? MVI B,00 என்று நேராகப் போட்டிருந்தால் A-யிலிருந்து B-க்கு எதுவுமே போயிருக்காது, 28 வந்திருக்காது, மூன்றாம் வாரமும் தேவைப்பட்டிருக்காது. எங்கள் சார் அப்படித்தான் எழுதித் தந்தார், எங்கள் பேட்சில் எல்லோருக்கும் முதல் நாளே ஓடியது. இன்னொன்று, JNC-க்கு அப்புறம் INR B வருகிறதே, அது கேரி ஃப்ளாகைக் கெடுத்துவிடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கோவை_எம்பெடட்

28 வந்திருக்காது என்பது வரைக்கும் சரி. ஆனால் பிரச்சினை வந்திருக்காது என்பது சரியில்லை, வேறு உருவத்தில் வந்திருக்கும். நேற்று ராத்திரி இதை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், சுவாரசியமாகவே இருந்தது.

MVI B,00 என்பது 06 00, இரண்டு பைட். அதை இடையில் சொருகினால் கீழே உள்ளவை இரண்டு தள்ளிப்போகும். ஜம்ப் அட்ரஸை மாற்ற மறந்தோம் என்றே வைத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்தது அதுதான்:

```
4105  06 00           MVI B,00
4107  23              INX H
4108  86              ADD M
4109  D2 0B 41        JNC 410B
410C  04              INR B
410D  0D              DCR C
410E  C2 05 41        JNZ 4105
```

JNC 410B-க்குப் போகச் சொல்கிறது. 410B-ல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது ஒரு கட்டளையின் தொடக்கமே இல்லை, அதே JNC-யின் மூன்றாவது பைட், 41. அட்ரஸின் மேல் பாதியாக நாம் அடித்த 41. ஆனால் 8085-க்கு அது தெரியாது, அந்த இடத்தில் கிடைப்பதை ஆப்கோடாக எடுத்துக்கொள்ளும். 41 என்றால் MOV B,C. அதனால் கேரி வராத ஒவ்வொரு முறையும் B-யில் மிச்சமுள்ள எண்ணிக்கை ஏறி, அதன்மேல் ஒன்று கூடும். யாரும் எழுதாத ஒரு வரி புரோகிராமுக்குள் ஓடும்.

இதற்கு மேல் JNZ ஒவ்வொரு சுற்றும் 4105-க்கே வருவதால் B மறுபடி மறுபடி 00 ஆகும். ஆகவே கடைசிச் சுற்றில் நடப்பது மட்டும்தான் விடையில் தெரியும். தங்கையின் நான்கு எண்களுக்குக் கடைசிக் கூட்டலில் கேரி வருகிறது, எனவே 01 வரும். சரியான விடை 02. இப்போது யோசியுங்கள், 28-ஐப் பார்த்தால் தப்பு என்று உடனே தெரியும், 01-ஐப் பார்த்தால் நாம் கையால் கூட்டியதுதான் தப்போ என்று தோன்றும். அதைவிட மோசம், கடைசிக் கூட்டலில் கேரி வராத எண்களைக் கொடுத்தால் C அப்போது 1, அதனால் B-யில் எப்போதுமே 02 வரும். கேரி உண்மையிலேயே இரண்டு உள்ள எண்களைக் கொடுத்திருந்தால் கையெழுத்தும் வாங்கியிருப்போம்.

INR பற்றிச் சொன்னது பாதி நினைவு. INR, DCR இரண்டும் மற்ற ஃப்ளாக்குகளை மாற்றும், கேரியைத் தொடாது. இங்கே அது தொட்டாலும் கவலையில்லை, அடுத்த சுற்றில் ADD M வந்து கேரியைப் புதிதாக எழுதும்.

---

செந்தூரப்பூ

அண்ணா, 41 என்பது MOV B,C என்று ஆப்கோடு சீட்டில் இப்போதுதான் பார்த்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பேட்சில் முதல் நாளே ஓடியதற்குக் காரணம் சார் முழு அட்ரஸோடு போர்டில் எழுதிப்போட்டதுதான், நாங்கள் அதைப் பார்த்து அடித்தோம், அவ்வளவுதான். INR-ஐயும் ஒத்துக்கொள்கிறேன். INX எந்த ஃப்ளாகையும் தொடாது என்பதோடு குழப்பிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

---

கோவை_எம்பெடட்

இதில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். இந்தத் தப்பு முழுக்க முழுக்கக் கையால் அசெம்பிள் செய்வதால் வருவது. கம்ப்யூட்டரில் ஒரு சிமுலேட்டரில் LOOP, SKIP என்று பெயர் வைத்து எழுதினால், வரியைச் சேர்த்தாலும் எடுத்தாலும் அட்ரஸ் தானாக மாறிக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு ஜம்ப் அட்ரஸைக்கூடக் கையால் கணக்குப் போட்டதில்லை. மூன்று வாரம் ஒரு மாணவி இதில் போராடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேடம் கற்றுக்கொடுத்த விதம் அருமை, அதைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தை இன்டரப்டுக்கோ டைமருக்கோ செலவழித்திருக்கலாம்.

---

பழைய லேப்காரர்

தம்பி, நீங்கள் சொல்வதை நானும் பல வருடம் யோசித்திருக்கிறேன். ஆனால் 28-லிருந்து MOV B,A வரைக்கும் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாளே, அந்தப் பாதை சிமுலேட்டரில் வராது. அங்கே ரெஜிஸ்டரெல்லாம் திரையிலேயே தெரியும், B-யில் 9A ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம், விடையிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டியதில்லை. கிட்டில் ஆறு எழுத்துதான் ஒளிரும். நாலு அட்ரஸுக்கு, இரண்டு உள்ளே இருப்பதற்கு. அந்த இரண்டு எழுத்தை வைத்தே உள்ளே நடந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த இரண்டு எழுத்திலேயே நிறையப் பார்க்கலாம், அதற்கு ஒரு வழி சொல்கிறேன். சிங்கிள் ஸ்டெப் கீ வேலை செய்யாத கிட்டுகள் எங்களிடம் நிறைய இருந்தன, அப்போது இதைத்தான் செய்வோம். முதல் சுற்று முடிந்ததும் B-யில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும், அவ்வளவுதானே? JNZ இருக்கும் 410D-யிலிருந்து இந்த ஐந்து பைட்டைத் தற்காலிகமாக அடி:

```
410D  78              MOV A,B
410E  32 01 43        STA 4301
4111  76              HLT
```

ஓட்டு, ரீசெட் போடு, 4301-ஐப் பார். முதல் சுற்றில் ஜீரோவோடு 9A கூட்டியதுதான் நடந்தது, அதில் கேரி வர வழியே இல்லை, எனவே 00 இருக்கவேண்டும். அந்தப் பெண்ணின் பழைய புரோகிராமில் 01 இருந்திருக்கும். JNZ இன்னும் ஓடவே இல்லை, அதனால் அது குற்றவாளி இல்லை, மிச்சம் இருப்பது JNC மட்டும். ஒரே ஓட்டத்தில் பிடிபட்டுவிடும். பார்த்து முடித்ததும் C2 06 41 32 00 என்ற ஐந்தையும் மறக்காமல் திரும்ப அடிக்க வேண்டும். அதை மறந்துவிட்டு அடுத்த அரைமணி நேரம் வேறு தப்பைத் தேடிய பையன்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கம், ஓட்டுவதற்கு முன்னால் 4300, 4301 இரண்டிலும் AA போட்டுவிடு. ஓட்டிய பிறகும் AA இருந்தால் புரோகிராம் அந்த வரிக்கு வரவே இல்லை என்று அர்த்தம். அதைச் செய்யாவிட்டால் போன தடவை வந்த விடையையே இந்தத் தடவை வந்ததாக நினைத்துக்கொள்வோம்.

---

இஇஇ_இரண்டாம்வருடம்

AA போடச் சொல்லி மேடமும் சொன்னார்கள் ஐயா! அப்போது ஏன் என்று கேட்கவில்லை. ஒரு தடவை ஜம்பில் 06 41 என்பதற்குப் பதில் 41 06 என்று மாற்றி அடித்துவிட்டேன், அன்றைக்கு AA அப்படியே இருந்தது, டிஸ்ப்ளேயில் ஏதேதோ எரிந்தது. அது 0641-க்குப் போய் மானிட்டர் ராமுக்குள் எங்கேயோ விழுந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

---

கோவை_எம்பெடட்

ராம் இல்லை, ரோம். 0000-லிருந்து இருப்பது மானிட்டர் புரோகிராம் எரித்த ரோம், அதில் நீ எழுத முடியாது. மற்றபடி சரிதான், கீழ் பாதி முதலில், மேல் பாதி அடுத்து. கடிதத்தில் அது இல்லை, நல்லவேளை.

---

அம்முலு

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன், உதவுமா தெரியவில்லை. நான் படிக்கும்போது இதே மாதிரி புரோகிராம்தான், பத்து எண்களில் பெரியதைக் கண்டுபிடிப்பது. எல்லாம் சரியாக எழுதியிருந்தேன், ஜம்ப் அட்ரஸ்கூட மூன்று முறை சரிபார்த்தேன், ஓடவே இல்லை. கடைசியில் பார்த்தால் கிட்டில் நெக்ஸ்ட் கீ தேய்ந்துபோய் ஒரு அழுத்தலுக்கு இரண்டு தடவை தாவியிருக்கிறது. நடுவில் ஒரு அட்ரஸில் நான் அடித்தது ஏறவே இல்லை, முந்தின பேட்ச் விட்டுப்போன பைட்தான் இருந்தது. நோட்டைப் பார்த்தே தேடிக்கொண்டிருந்தால் அது ஒருநாளும் தெரிந்திருக்காது. என் நோட்டில் தப்பே இல்லையே.

எங்கள் லேப் சார்தான் "நோட்டை மூடு, கிட்டைப் படி" என்றார். நான் நெக்ஸ்ட் அழுத்தி அழுத்தி டிஸ்ப்ளேயில் இருப்பதைச் சத்தமாகப் படிக்க, பக்கத்தில் இருந்த தோழி நோட்டில் ஒவ்வொன்றாக டிக் போட்டாள். பதினோராவது பைட்டில் அவள் நிறுத்தச் சொன்னாள். அவருக்கு நான் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்ததில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

---

பழைய லேப்காரர்

அம்மா, நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஓடாத புரோகிராம் என்று என்னிடம் வந்ததில் முதலில் அதைத்தான் செய்வேன். ஒருவரே படித்து ஒருவரே சரிபார்த்தால் கண் தானாகவே நோட்டில் இருப்பதைத்தான் படிக்கும், அதனால் இரண்டு பேர் வேண்டும்.

---

செந்தூரப்பூ

ஒரு சந்தேகம். இடையில் வரி சேர்க்க நேரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே 00, அதாவது NOP, இரண்டு மூன்று விட்டுவைக்கலாமே? லூப் தொடங்குவதற்கு முன்னால் விட்டால் MOV B,A-வை அந்த இடத்தில் அடித்துவிடலாம், எதையும் தள்ளவேண்டாம், ஜம்பும் மாறாது.

---

பழைய லேப்காரர்

தாராளமாக. நாங்களும் அப்படிச் சொல்லிக்கொடுத்தோம். NOP எதையும் மாற்றாது, கொஞ்சம் நேரம்தான் எடுக்கும், கூட்டல் புரோகிராமில் அது ஒரு பொருட்டே இல்லை. டிலே லூப் எழுதும்போது மட்டும் லூப்புக்குள்ளே விட்ட NOP கணக்கில் சேரும், அங்கே கவனம்.

---

கோவை_எம்பெடட்

NOP விடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எங்கே இடம் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தப்பே செய்திருக்க மாட்டோமே. நான் மாணவனாக இருந்தபோது முதலில் அட்ரஸ் கட்டத்தையே காலியாக விட்டுவிட்டு, ஜம்ப் வரிகளில் LOOP, SKIP என்று மட்டும் பென்சிலால் எழுதுவேன். புரோகிராம் முழுக்க முடிந்த பிறகுதான் அட்ரஸ் போட்டு, கடைசியாக ஜம்புக்குள் எண்ணை நிரப்புவேன். ஒரு வரி சேர்த்தால் அட்ரஸ் கட்டம் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி. அசெம்பிளர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், இரண்டு முறை படிப்பது.

---

இஇஇ_இரண்டாம்வருடம்

எனக்கு இன்னும் புரியாத ஒன்று இருக்கிறது, கடிதத்தில் எழுதாததும் அதனால்தான். முதல் வாரம் B-யை ஜீரோ ஆக்காத என் புரோகிராமைத்தான் பக்கத்து மேசையில் என் தோழியும் பார்த்து அடித்தாள். வரிக்கு வரி அதே. அவளுக்கு முதல் தடவையே 02 வந்து கையெழுத்தும் வாங்கிவிட்டாள். எனக்கு ஒரு தடவை 3F, அடுத்த தடவை 12. கிட் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி.

---

கோவை_எம்பெடட்

அவளுடைய B தற்செயலாக 00-ல் தொடங்கியிருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. உன் 3F-லும் 12-லும் இரண்டைக் கழித்துப் பார், 3D, 10. உன் B தொடங்கிய இடம் அவை. சிப்பை ரீசெட் செய்தால் 8085 புரோகிராம் கவுண்டரைத்தான் ஜீரோ ஆக்கும், B-யைச் சுத்தம் செய்வதாக எந்த உத்தரவாதமும் இல்லை. மானிட்டர் புரோகிராம் உன் கீ அழுத்தலைப் படிக்கும்போது B-யைப் பயன்படுத்தியிருக்கும், அதன் மிச்சம்தான்.

---

பழைய லேப்காரர்

அதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை தம்பி. எங்களிடம் இருந்த சில கிட்டுகளில் கோ கீ அழுத்தும்போது, ரெஜிஸ்டர் கீயில் நாம் வைத்த எண்களை மெமரியிலிருந்து எடுத்து எல்லா ரெஜிஸ்டரிலும் ஏற்றிவிட்டுத்தான் நம் புரோகிராமுக்குத் தாவும். அப்படியானால் மானிட்டரின் மிச்சம் B-யில் தங்கவே முடியாது, அந்த மெமரியில் இருந்ததுதான் வரும். அது பவர் போட்டதும் ஏதோ ஒன்றாக இருக்கும், ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடாது. இவளுக்கு மாறியிருக்கிறது.

---

கோவை_எம்பெடட்

நடுவில் கரண்ட் போய் வந்ததா? அல்லது ரெஜிஸ்டர் கீ அழுத்திப் பார்த்தாயா?

---

இஇஇ_இரண்டாம்வருடம்

கரண்ட் போகவில்லை. ரெஜிஸ்டர் கீயை அழுத்தினேனா என்று நினைவில்லை அண்ணா, அன்றைக்கு எல்லாக் கீயையும் அழுத்தியிருப்பேன். அடுத்த லேபில் ரெஜிஸ்டர் கீயில் B-க்கு 55 வைத்துவிட்டுப் பழைய புரோகிராமை ஓட்டிப் பார்க்கிறேன். 57 வந்தால் ஐயா சொன்னது, வேறு ஏதாவது வந்தால் நீங்கள் சொன்னது.

---

பழைய லேப்காரர்

அதேதான். முடிவைக் கட்டாயம் இங்கே எழுது.

---

அம்முலு

தோழிக்கு இந்த விஷயம் தெரியுமா? பிராக்டிகல் பரீட்சையில் வேறு கிட் கிடைத்தால் அவளுக்குத்தான் சிக்கல்.

---

இஇஇ_இரண்டாம்வருடம்

நேற்றே சொல்லிவிட்டேன் அக்கா. கையெழுத்து வாங்கிய புரோகிராமை ஏன் மாற்ற வேண்டும் என்று முதலில் கேட்டாள். பிறகு MOV B,A சேர்த்துக்கொண்டாள். ஜம்ப் இரண்டையும் மாற்றச் சொல்லி நான் சொல்வதற்குள் அவளே மாற்றிவிட்டாள்.

---

இஇஇ_இரண்டாம்வருடம்

திங்கள் சாயங்காலம். கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். ஸ்டோர் ரூமில் கிட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று முழுக்கப் படித்தார்கள். 04 பற்றிய வரிக்கு வந்ததும் ஒரு தரம் மேலே பார்த்து, "இது இப்ப எழுதினதா, அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டார்கள். முதலில் தப்பாக எழுதியிருந்தேன், ஒரு பெரியவர் திருத்தினார் என்று உண்மையைச் சொன்னேன். தலையாட்டினார்கள். கடிதத்தை மடித்து, அலமாரிக்குள் ஆப்கோடு சீட்டுகள் வைத்திருக்கும் ஃபைலில் வைத்தார்கள்.

55 வைத்து ஓட்டிப் பார்க்கப்போகிறேன் என்பதையும் சொன்னேன். "வியாழக்கிழமை அரைமணி நேரம் முன்னாடி வா, ரெண்டு கிட்லயும் போட்டுப் பார்க்கலாம், எனக்கும் தெரியணும்" என்றார்கள்.